கூடலூர் எஸ்டேட்டும் ஒரு பன்னிரண்டரை மதிப்பெண் கேள்வியும்

2016-ஆம் ஆண்டு குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் பொது அறிவு இரண்டாம் தாளில் இப்படி ஒரு கேள்வி வந்தது. கோயெல்ஹோ வழக்கில் என்ன தீர்ப்பு சொல்லப்பட்டது? அதை வைத்துப் பார்த்தால், அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படை அம்சங்களுள் நீதிப் புனராய்வுக்கு முக்கிய இடம் உண்டு என்று சொல்லலாமா? விடை 200 சொற்களுக்குள் இருக்க வேண்டும்; மதிப்பெண் 12.5. அந்த ஆண்டு தாளில் இருபது கேள்விகள், நேரம் மூன்று மணி. ஒரு கேள்விக்கு ஒன்பது நிமிடம்தான்.

வழக்கின் முழுப்பெயர் ஐ.ஆர். கோயெல்ஹோ எதிர் தமிழ்நாடு அரசு. நீலகிரி மாவட்டம் கூடலூர் நிலத்திலிருந்து கிளம்பி, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் முன் போய் நின்ற வழக்கு இது. தீர்ப்பு 2007-இல் வந்தபோது வழக்குத் தொடுத்தவர் உயிரோடு இல்லை. தீர்ப்பின் தலைப்பிலேயே அவர் பெயரை அடுத்து ‘காலமானார், சட்டப்படியான வாரிசுகள் மூலம்’ என்று குறித்திருக்கிறார்கள். ஆனாலும் தமிழில் தேர்வு எழுதும் பிள்ளைகளில் பலருக்கு இது நம்மூர் வழக்கு என்பது தெரியாது. பெயரைப் பார்த்துவிட்டு கோவா என்றோ மங்களூர் என்றோ எழுதிவைத்த பயிற்சித் தாள்களைப் பார்த்திருக்கிறேன்.

தேர்வாணையம் முதன்மைத் தேர்வுக்கு மாதிரி விடைகளை வெளியிடுவதில்லை. திருத்துபவர் எதை எதிர்பார்க்கிறார் என்பதைக் கேள்வியின் சொற்களிலிருந்தும், கேள்வி எந்தச் சட்டச் சிக்கலைத் தொடுகிறது என்பதிலிருந்தும்தான் நாம் பிடிக்க வேண்டும். இந்தக் கேள்வியில் இரண்டு பாதிகள் உள்ளன. முதல் பாதிக்குத் தீர்ப்பின் சாரம் வேண்டும். இரண்டாம் பாதிக்கு, முடியும் அல்லது முடியாது என்று ஒரு நிலைப்பாடும் அதற்கான காரணமும் வேண்டும். பெரும்பாலான தாள்கள் முதல் பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடுகின்றன. அதிலும் பாதி இடத்தை கேசவானந்த பாரதி வழக்கின் கதை சாப்பிட்டுவிடுகிறது.

முதலில் சட்டச் சிக்கலைப் பார்ப்போம். நீதிப் புனராய்வு என்பது சட்டமன்றம் இயற்றிய சட்டத்தையோ அரசு பிறப்பித்த ஆணையையோ அரசமைப்புச் சட்டத்தோடு ஒப்பிட்டு, முரண்பட்டால் செல்லாது என்று சொல்ல நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம். அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்கிறது 13-ஆவது பிரிவு. அந்த உரிமை பறிபோனால் உச்ச நீதிமன்றத்துக்குப் போக 32-ஆவது பிரிவும், உயர் நீதிமன்றத்துக்குப் போக 226-ஆவது பிரிவும் வழி தருகின்றன. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த கையோடு இந்த அதிகாரத்தின் சூட்டை அதிகம் உணர்ந்தது சென்னை மாகாண அரசுதான். கல்லூரி இடங்களைச் சமூக வாரியாகப் பிரித்த வகுப்புவாரி அரசாணை, செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-இல் செல்லாது என்று ஆனது. இன்னொரு பக்கம், பல மாகாணங்களின் ஜமீன் ஒழிப்புச் சட்டங்கள் சொத்துரிமையைக் காட்டி நீதிமன்றங்களில் தாக்கப்பட்டன.

இதற்கெல்லாம் நாடாளுமன்றம் தந்த பதில்தான் 1951-ஆம் ஆண்டின் முதல் அரசமைப்புத் திருத்தம். இடஒதுக்கீட்டுக்கு 15(4) என்ற உட்பிரிவு அதில்தான் வந்தது. அதே திருத்தத்தில்தான் 31-பி என்ற பிரிவும் ஒன்பதாவது அட்டவணையும் வந்தன. அட்டவணையில் ஒரு சட்டத்தின் பெயரைச் சேர்த்துவிட்டால் போதும். அது அடிப்படை உரிமைக்கு முரணானது என்று சொல்லி எந்த நீதிமன்றமும் அதைச் செல்லாததாக்க முடியாது. நீதிமன்றம் ஏற்கெனவே செல்லாது என்று சொன்ன சட்டமாக இருந்தாலும் அட்டவணையில் ஏறியதும் பழைய தேதியிலிருந்தே உயிர் பெற்றுவிடும். நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் 13-ஐக் காப்பாற்றத் தொடங்கிய பட்டியல் இது. இன்று அதன் வரிசை எண் 284-இல் நிற்கிறது. நிலத்தோடு தொடர்பே இல்லாத சட்டங்களும் அதில் புகுந்துவிட்டன.

இப்போது கூடலூருக்கு வருவோம். அங்கே பெரும் பரப்பு நிலம் நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம உரிமையில் இருந்தது. தேயிலை, காப்பித் தோட்டங்கள் அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்தின. அந்த ஜன்ம உரிமையை ஒழித்து நிலத்தை ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவர 1969-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. தோட்டக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். பால்மாடீஸ் பிளாண்டேஷன்ஸ் வழக்கில் 1972-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. ஒரு விஷயத்தில் மட்டும் கை வைத்தது. ஜன்ம எஸ்டேட்டுக்குள் இருக்கும் காடுகளை அரசு எடுத்துக்கொள்வது வேளாண் சீர்திருத்தம் ஆகாது என்று சொல்லி, அந்த அளவுக்குச் சட்டம் செல்லாது என்றது.

இரண்டே ஆண்டில், 1974-இல், 34-ஆவது திருத்தத்தின் மூலம் அந்தக் கூடலூர் சட்டம் முழுவதையும் ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றினார்கள். செல்லாது என்று நீதிமன்றம் வெட்டிய பகுதியும் அதோடு சேர்ந்தே ஏறியது. கோயெல்ஹோ வழக்கின் கேள்வி இங்கேதான் பிறக்கிறது. நீதிமன்றம் தள்ளிய ஒரு சட்டத்தை, பட்டியலில் பெயர் சேர்ப்பதாலேயே, இனி எந்த நீதிமன்றமும் தொட முடியாதபடி செய்ய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டா?

இதற்கு விடை சொல்ல ஒரு தேதி தேவைப்படுகிறது: 24 ஏப்ரல் 1973. அன்றுதான் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள், ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், அரசமைப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்க முடியாது என்றார்கள். வாமன் ராவ் வழக்கில் 1981-இல் அந்தத் தேதியையே எல்லைக்கோடாக வைத்தார்கள். அதற்கு முன் அட்டவணையில் ஏறிய சட்டங்களுக்குப் பாதுகாப்பு தொடரும். அதற்குப் பின் ஏறியவை கேள்விக்கு உரியவை. கூடலூர் சட்டம் ஏறியது 1974-இல். கோட்டுக்கு இந்தப் பக்கம்.

2007 ஜனவரி 11 அன்று தலைமை நீதிபதி ஒய்.கே. சபர்வால் தலைமையிலான ஒன்பது பேர் அமர்வு ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது. திருத்துபவர் தேடும் சரக்கு இங்கேதான் இருக்கிறது. 24 ஏப்ரல் 1973-க்குப் பின் அட்டவணையில் சேர்ந்த சட்டங்களுக்கு முழுக் கவசம் கிடையாது. அந்தச் சட்டம் அடிப்படை உரிமையைப் பாதிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பாதித்தால், அந்தப் பாதிப்பு அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கும் அளவுக்குப் போகிறதா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். எந்த அளவுகோலால்? சமத்துவம் பேசும் 14, சுதந்திரங்கள் பேசும் 19, உயிரும் தனிமனிதச் சுதந்திரமும் பேசும் 21 ஆகிய பிரிவுகளும், அவற்றுக்கு அடியில் ஓடும் கோட்பாடுகளும்தான் அளவுகோல். சட்டத்தின் வடிவத்தைப் பார்க்கக் கூடாது. அது உரிமையின் மீது நேரடியாக என்ன விளைவை ஏற்படுத்துகிறது என்பதைப் பார்க்க வேண்டும். முன்பே நீதிமன்றம் செல்லும் என்று ஏற்றுக்கொண்ட சட்டத்தை மறுபடி கிளற முடியாது. அந்தச் சட்டங்களின்கீழ் முடிந்துபோன நடவடிக்கைகளையும் கிளற முடியாது.

இரண்டு படிகள் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தாள்களில் மிகுதியாகப் பிசகுவது இதுதான். அடிப்படை உரிமையை மீறினாலே அட்டவணைச் சட்டம் செல்லாது என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியானால் 31-பி பிரிவே வெறும் காகிதம் என்று ஆகிவிடும்; நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. மீறல் ஒரு படி, அந்த மீறலின் தன்மையும் ஆழமும் கட்டமைப்பைத் தாக்குவது இரண்டாம் படி. இந்த இடைவெளியைப் புரிந்து எழுதியவரையும் குறிப்பேட்டை மனப்பாடம் செய்தவரையும் திருத்துபவர் ஒரே வரியில் பிரித்துவிடுவார்.

இன்னொரு பிசகு நம் மாநிலத்துக்கே உரியது. 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுச் சட்டத்தை கோயெல்ஹோ தீர்ப்பு ரத்து செய்துவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். கிடையாது. இந்திரா சாஹ்னி வழக்கில் 1992-இல் 50 விழுக்காடு வரம்பு வந்தபின், தமிழ்நாட்டின் சட்டம் 1994-இல் 76-ஆவது திருத்தத்தால் அட்டவணையில் ஏறியது. அது எல்லைக்கோட்டுக்குப் பிந்தைய தேதி என்பதால், அதை எதிர்த்து வழக்காட கோயெல்ஹோ கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். கூடலூர் சட்டத்தைக்கூட ஒன்பது நீதிபதிகள் அன்று வெட்டவில்லை. சட்டக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, தனித்தனி வழக்குகளை அந்தப் பதிலின்படி விசாரிக்கச் சொல்லி சிறிய அமர்வுக்கு அனுப்பிவிட்டார்கள். அட்டவணையே ஒழிந்தது என்று எழுதுவதும் இதே வகைத் தவறுதான்.

இரண்டாம் பாதிக்கு வருவோம். நீதிப் புனராய்வுக்கு அடிப்படை அம்சங்களுள் முக்கிய இடம் உண்டா? ஆம் என்று சொல்ல வலுவான தர்க்கம் இருக்கிறது. நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்று வைத்துக்கொண்டால், அந்த எல்லை மீறப்பட்டதா என்று சொல்ல வெளியில் ஒருவர் வேண்டும். மீறியவரே தான் மீறவில்லை என்று சான்று கொடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே கூட்டாட்சி, மதச்சார்பின்மை, சட்டத்தின் ஆட்சி என்ற மற்ற அம்சங்களெல்லாம் நடைமுறையில் நிற்பதற்கு இந்த ஓர் அம்சத்தைச் சார்ந்திருக்கின்றன. தர்க்கத்துக்குத் துணையாக இரண்டு தீர்ப்புகள் போதும். நெருக்கடி நிலைக் காலத்தின் 42-ஆவது திருத்தம், அரசமைப்புத் திருத்தங்களை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்று எழுதிவைத்தது. மினர்வா மில்ஸ் வழக்கில் 1980-இல் அது வீழ்ந்தது. எல். சந்திரகுமார் வழக்கில் 1997-இல், உயர் நீதிமன்றங்களின் 226, 227 அதிகாரமும் உச்ச நீதிமன்றத்தின் 32 அதிகாரமும் அடிப்படைக் கட்டமைப்பின் பகுதி, அவற்றைத் தீர்ப்பாயங்களைக் கொண்டு அடைத்துவிட முடியாது என்று ஏழு நீதிபதிகள் சொன்னார்கள்.

மறுபக்கத்தையும் ஒரு வரியாவது தொட வேண்டும். அடிப்படை அம்சங்களுக்கு முடிந்த முடிவான பட்டியல் எதுவும் கிடையாது. எது அடிப்படை என்பதை வழக்குக்கு வழக்கு நீதிபதிகளே சொல்கிறார்கள். உரிமை மீறல் எந்த ஆழத்தில் கட்டமைப்புச் சிதைவாக மாறுகிறது என்பதற்கு கோயெல்ஹோவும் தெளிவான கோடு போடவில்லை. தேர்ந்தெடுக்கப்படாத ஒரு அமைப்புக்குக் கடைசிச் சொல் போகிறது என்ற விமர்சனத்துக்கு இங்கே அடிப்படை இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு, அதன்பிறகும் ஆம் என்றே முடிக்கலாம். முடியாது என்று முடித்தாலும் மதிப்பெண் குறையாது என்பது என் எண்ணம், காரணம் சரியாக இருந்தால்.

அளவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, நான் எழுதினால் தொடக்கத்தை இப்படி வைப்பேன்:

“கூடலூர் ஜன்ம எஸ்டேட் சட்டத்தின் ஒரு பகுதியை 1972-இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது, 1974-இல் அது முழுமையாக ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. இதை எதிர்த்த கோயெல்ஹோ வழக்கில் (2007) ஒன்பது நீதிபதிகள் அமர்வு, 24.4.1973-க்குப் பின் அட்டவணையில் சேர்ந்த சட்டம் அடிப்படை உரிமையை மீறி, அதன் விளைவாக அடிப்படைக் கட்டமைப்பையும் சிதைத்தால் அது புனராய்வுக்கு உட்பட்டது என்று தீர்ப்பளித்தது. பிரிவுகள் 14, 19, 21 இதற்கு உரைகல்.”

முதல் பாதி இவ்வளவில் முடிந்துவிட்டது. அரசமைப்புச் சட்டம் உலகின் மிக நீளமான எழுதப்பட்ட அரசமைப்பு என்பதில் தொடங்கும் விடைகள் இதே இடத்தை எதுவும் சொல்லாமல் செலவழித்துவிடுகின்றன. மிச்சமிருக்கும் இடம் முழுவதும் இரண்டாம் பாதிக்கு.

2017-இலிருந்து தாளின் அமைப்பு மாறியது. பத்துக் கேள்விகளுக்குத் தலா 10 மதிப்பெண், 150 சொல். மற்ற பத்துக்குத் தலா 15 மதிப்பெண், 250 சொல். பத்து மதிப்பெண் கேள்விக்கு ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். அந்த அளவில்தான் 2023-இல் இந்தக் கேள்வி வந்தது: அரசமைப்பு உறுதியளிக்கும் நீதித்துறைச் சுதந்திரம் மக்களாட்சிக்கு முன்நிபந்தனை, கருத்துரைக்க.

இதைத் தனிப் பாடமாகப் படிக்கக் கூடாது. கோயெல்ஹோவில் பார்த்த அதே ஏப்ரல் 24-க்கு மறுநாள் என்ன நடந்தது என்று பார்த்தால் தொடர்பு விளங்கும். கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த மறுநாள் தலைமை நீதிபதி சிக்ரி ஓய்வு பெற்றார். பணிமூப்புப்படி அடுத்து வரவேண்டியவர் ஷெலத். அவருக்குப் பின் ஹெக்டே, குரோவர். அரசு மூவரையும் தாண்டி ஏ.என். ரேயைத் தலைமை நீதிபதியாக அறிவித்தது. தாண்டப்பட்ட மூவரும் முந்தைய நாள் நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த பெரும்பான்மையில் இருந்தவர்கள். ரே சிறுபான்மையில் இருந்தவர். மூவரும் பதவி விலகினார்கள். புனராய்வு செய்ததற்கு என்ன விலை என்பது 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிட்டது. சுதந்திரம் ஏன் முன்நிபந்தனை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டு வரியில் எழுதிவிடலாம்.

கேள்வியில் ‘அரசமைப்பு உறுதியளிக்கும்’ என்ற அடைமொழியை மாணவர்கள் கவனிப்பதே இல்லை. கேள்வி தயாரித்தவர் அதைச் சும்மா போடவில்லை. என்னென்ன உறுதிமொழிகள் சட்டத்தில் எழுதப்பட்டுள்ளன என்பதைக் காட்டு என்கிறார். அவற்றை வரிசைப்படுத்தினால் போதாது. எந்த அச்சத்துக்கு எந்தக் காப்பு என்று இணைத்து எழுத வேண்டும். வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு 124(4) காப்பு. உச்ச நீதிமன்ற நீதிபதியை 65 வயதுக்கு முன் நீக்க வேண்டுமென்றால் தவறான நடத்தையோ திறனின்மையோ நிரூபிக்கப்பட வேண்டும். இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரிக்க வேண்டும். சம்பளத்தில் கை வைப்பார்கள் என்ற அச்சத்துக்கு, சம்பளம் நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்புக்கு விடப்படாமல் தொகுநிதியின் மீதே சுமத்தப்படுகிறது. பதவிக்காலத்தில் அதைக் குறைக்க முடியாது, நிதி நெருக்கடி நிலை தவிர. தீர்ப்புக்காக அவையில் வசைபாடுவார்கள் என்றால், 121-உம் 211-உம் நீக்கத் தீர்மானம் தவிர வேறெந்த நேரத்திலும் நீதிபதியின் நடத்தையை விவாதிக்கத் தடை போடுகின்றன.

நீக்கும் வாசல் எவ்வளவு குறுகலானது என்பதற்கு 1993-இல் நீதிபதி வி. ராமசாமி மீது மக்களவையில் வந்த தீர்மானத்தைச் சொல்லலாம். ஆதரவாக 196 வாக்குகள். எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. ஆனால் 205 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை தேவை என்பதால் தீர்மானம் தோற்றது. சுதந்திரத்துக்குப் போட்ட வேலி, பொறுப்புக் கேட்பதற்கும் தடையாகிவிடுகிறது என்று விமர்சனப் பகுதியில் எழுத இது கை கொடுக்கும்.

அடைமொழியைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு படி போனால் விடை தனித்துத் தெரியும். எழுதப்படாதவை எவை? பணிமூப்பு எழுதப்படவில்லை. தலைமை நீதிபதியாக மூத்தவரையே நியமிக்க வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை; அது மரபு மட்டும். அதனால்தான் 1973-இல் அதைத் தாண்ட முடிந்தது. கொலீஜியமும் எழுதப்படவில்லை. நீதிபதிகளை நியமிக்கும்போது குடியரசுத் தலைவர் நீதிபதிகளைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றுதான் 124(2) சொல்கிறது. 1981-இல் இதை வைத்து, கடைசி முடிவு அரசிடம் என்றது நீதிமன்றம். 1993-இல் இரண்டாம் நீதிபதிகள் வழக்கில் அதைப் புரட்டி, நீதித்துறையின் கருத்துக்கே முதன்மை என்றது. 1998-இல் தலைமை நீதிபதியும் மூத்த நால்வரும் என்று கொலீஜியத்தின் உருவம் முடிவானது. ஆகவே நியமனத்தைப் பொறுத்தவரை இன்றைய காப்பு அரசமைப்பின் வாசகத்தில் இல்லை, நீதிமன்றத்தின் விளக்கத்தில் இருக்கிறது.

அந்த விளக்கத்தை மாற்ற நாடாளுமன்றம் 2014-இல் 99-ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்து தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை அமைத்தது. ஆறு உறுப்பினர்கள்: தலைமை நீதிபதி, மூத்த நீதிபதிகள் இருவர், சட்ட அமைச்சர், சான்றோர் இருவர். எந்த இரண்டு பேர் மறுத்தாலும் ஒரு பெயர் பரிந்துரைக்குப் போகாது. 2015 அக்டோபர் 16 அன்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நியமனத்தில் நீதித்துறையின் முதன்மை என்பது சுதந்திரத்தின் பகுதி, சுதந்திரம் அடிப்படைக் கட்டமைப்பின் பகுதி என்பது காரணம். மூன்று நீதிபதிகளும் ஒரே கருத்தில் இருந்தாலும், நீதித்துறைக்கு வெளியே உள்ள இருவர் சேர்ந்து தடுத்துவிடலாம் என்ற ஏற்பாடு அந்த முதன்மையைச் சாய்த்துவிட்டது. மாறுபட்ட நீதிபதி செலமேஸ்வர், கொலீஜியத்தின் மூடுமந்திரத்தைக் கடுமையாகச் சாடினார். பெரும்பான்மையில் இருந்த குரியன் ஜோசப்பும் கொலீஜியம் திருந்த வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்.

இந்தத் தீர்ப்பை விமர்சன நோக்கில் ஆராயச் சொல்லி 2017-இலேயே தனிக் கேள்வி வந்திருக்கிறது. ‘விமர்சன நோக்கில் ஆராய்க’ என்றால் தீர்ப்பின் காரணத்தையும் அதன் ஓட்டையையும் இரண்டையும் எடை போட வேண்டும். தங்கள் நியமன அதிகாரத்தைப் பற்றிய வழக்கில் நீதிபதிகளே தீர்ப்புச் சொன்னார்கள் என்ற கேள்வியை எழுப்பாத விடை பாதி விடைதான். ‘கருத்துரைக்க’ என்று வந்தால் அவ்வளவு விரிவு வேண்டாம்; கூற்றை ஏற்கிறாயா, எந்த அளவுக்கு என்று தெளிவாகச் சொன்னால் போதும். நியமன ஆணைய வழக்கை 2023 கேள்விக்கு இரண்டு வரிக்கு மேல் இழுத்தால் மற்றவற்றுக்கு இடம் இருக்காது.

கூற்றை முழுதாக ஏற்றுக்கொண்டு முடிப்பவர்களுக்கு என் ஆட்சேபணை ஒன்று உண்டு. நெருக்கடி நிலையின்போது ஏடிஎம் ஜபல்பூர் வழக்கில், 1976 ஏப்ரல் 28 அன்று, காவலில் வைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்துக்கு வரவே முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். பதவிக்காலம், சம்பளம், நீக்கத்துக்கான சிறப்புப் பெரும்பான்மை என எழுதிவைத்த காப்புகள் அத்தனையும் அன்றும் அந்த நால்வருக்கு இருந்தன. மறுத்தவர் எச்.ஆர். கன்னா மட்டும். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி எம்.எச். பெய்க் தலைமை நீதிபதியானார், கன்னா விலகினார். 2017-இல் அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஜபல்பூர் தீர்ப்பைத் தவறு என்று தள்ளியது. ஆகவே முன்நிபந்தனை என்பதை ஏற்கலாம். அது மட்டும் போதும் என்பதை ஏற்க முடியாது. இந்த வேறுபாட்டை ஒரு வாக்கியமாக எழுதிவிட்டால் ‘கருத்துரைக்க’ என்ற சொல்லுக்கு உரிய வேலை முடிந்தது.

150 சொல்லில் இத்தனையும் அடங்காது என்பது உண்மை. நான் விடுவதாக இருந்தால் முதலில் 50-ஆவது பிரிவை விடுவேன். அரசின் நிர்வாகத்திலிருந்து நீதித்துறையைப் பிரிக்கச் சொல்லும் வழிகாட்டு நெறி அது. எல்லோரும் எழுதுவார்கள், ஆனால் நீதிமன்றத்தில் வற்புறுத்தக்கூடிய உறுதிமொழி அல்ல. அடுத்து, ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி எந்த நீதிமன்றத்திலும் வாதாடக் கூடாது என்ற 124(7). அதை விடவும் மனமில்லை என்றால், ஓய்வுக்குப் பின் ஆளுநர் பதவியோ நாடாளுமன்ற உறுப்பினர் பதவியோ வாங்குவதற்கு எந்தத் தடையும் எழுதப்படவில்லை என்ற ஓட்டையோடு சேர்த்து ஒரே வரியில் எழுதலாம். வைத்துக்கொள்ள வேண்டியவை பதவிக்காலமும் சம்பளமும், 1973 ஏப்ரல் மாதத்து அடுத்தடுத்த இரண்டு நாள்கள், கொலீஜியம் எழுதப்படாத ஏற்பாடு என்பது, பிறகு கன்னா.